பலகையில் 33, வேலை திருச்செங்கோட்டில்: கொங்கு வட்டாரத்தில் வண்டி எண்ணும் ஆர்டிஓ அலுவலகமும்

ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். வேலை, கடைவீதி, பிள்ளைகளின் பள்ளி, ஆஸ்பத்திரி என்று அங்கே இருப்பவர்களில் பலருக்கு எல்லாமே ஈரோடுதான். அவர்கள் ஓட்டும் வண்டிகளிலும் பாதிக்குப் பாதி `TN 33`. ஆனால் வண்டிக்குப் பேர் மாற்ற ஈரோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனால், கவுன்டரில் முகவரியைப் பார்த்ததும் "இது எங்க லிமிட் இல்லீங்க, திருச்செங்கோடு பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி எண்ணில் 33 இருக்கிறதே என்று அங்கே வாதாடிப் பயனில்லை.

பலகையில் இருக்கும் இரண்டு இலக்கம், அந்த வண்டி முதன்முதலில் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதை மட்டும் சொல்கிறது. இன்றைக்கு அந்த வண்டியின் வேலை எங்கே நடக்கும் என்பதை உரிமையாளரின் முகவரி சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால்தான் பாதி அலைச்சல் வருகிறது. கொங்குப் பகுதியில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம், மாவட்ட எல்லையும் அஞ்சல் எல்லையும் போக்குவரத்து அலுவலக எல்லையும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை.

முதலில் பலகையைப் படிப்போம். `TN 33 AB 1234` என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். `TN` மாநிலம். 33 பதிவு அலுவலகம். `AB` வரிசை எழுத்து. கடைசி நான்கும் வண்டியின் எண். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்து 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது இந்த அமைப்பும் வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும்தான் இருக்கும், இரண்டு இலக்கக் குறியீடு இருக்காது. பழைய புல்லட், அம்பாசடர் வைத்திருக்கும் வீடுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

வரிசை எழுத்து நகரும் விதம் எளிது. 9999 முடிந்ததும் அடுத்த எழுத்து. ஒற்றை எழுத்துகள் தீர்ந்ததும் `AA`, `AB` என்று இரட்டை எழுத்து. `I`, `O` இரண்டையும் விட்டுவிடுவார்கள், ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பும் என்பதால். ஆகவே பலகையில் வரிசை எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் `O` போல ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் `D` அல்லது `Q`-வாக இருக்கும், அல்லது ஸ்டிக்கர் கடைக்காரரின் கைவண்ணமாக இருக்கும். எழுத்தை வைத்து வண்டியின் வயதை ஓரளவு ஊகிக்கலாம், அதுவும் ஒரே அலுவலகத்து வண்டிகளுக்குள் மட்டும். கோவையில் ஒரு வரிசை தீரும் வேகமும் தாராபுரத்தில் தீரும் வேகமும் ஒன்றல்ல. `TN 38`-ன் ஒரு வரிசையையும் `TN 78`-ன் அதே வரிசையையும் பக்கத்தில் வைத்து வயது ஒப்பிடுவது வீண் வேலை.

இரண்டு எழுத்துகளை இந்த ஓட்டத்திலிருந்து தனியே வைத்துக்கொள்ளுங்கள். `G` வரிசை அரசு வண்டிகளுக்கு, `N` வரிசை அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்கு. `TN 38 N` என்று வரும் பேருந்து கோவையிலும், `TN 33 N` ஈரோட்டிலும், `TN 43 N` ஊட்டியிலும் பதிவானது. ஊர்ப் பலகையைப் பார்க்கும் முன்பே பேருந்து எந்தப் பக்கத்து டெப்போவைச் சேர்ந்தது என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். வண்டி பிறகு வேறு மண்டலத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்த ஊகம் தப்பிவிடும்.

இனி 33 என்ற இடத்துக்கு வருவோம். கொங்குப் பகுதியின் குறியீடுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட எந்த அலுவலகம் எதிலிருந்து பிரிந்தது என்று பார்த்தால் மனதில் நிற்கும். தொடக்கத்தில் வந்த எண்கள் இருபதுகளின் கடைசியிலிருந்து நாற்பதுகள் வரை ஓடுகின்றன. நாமக்கல் 28, சேலம் மேற்கு 30, ஈரோடு 33, திருச்செங்கோடு 34, கோபி 36, கோவை தெற்கு 37, கோவை வடக்கு 38, திருப்பூர் வடக்கு 39, மேட்டுப்பாளையம் 40, பொள்ளாச்சி 41, திருப்பூர் தெற்கு 42, ஊட்டி 43, கரூர் 47. பிறகு வண்டிகள் பெருகப் பெருக அலுவலகங்கள் பிரிந்து பெரிய எண்கள் வந்தன. சங்ககிரி 52, பெருந்துறை 56, கோவை மத்தி 66, தாராபுரம் 78, ஈரோடு மேற்கு 86, நாமக்கல் தெற்கு 88, கோவை மேற்கு 99.

ஈரோடு பிரிந்தபோது 33 என்ற எண் ஈரோடு கிழக்குக்கே நின்றது, மேற்குக்கு 86 கிடைத்தது. அதனால் ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, அப்பாவின் பழைய டிவிஎஸ்ஸில் 33-உம் மகனின் புது வண்டியில் 86-உம் இருக்கும். வீடு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. கோவையின் மேற்குப் பக்கத்திலும் இதே கதை. பழைய வண்டிகளில் 37, 66 என்று பார்ப்பீர்கள், புதியவற்றில் 99. பெருந்துறைக்காரர்களின் பழைய வண்டிகளில் 33 இருப்பதும் இப்படித்தான். அலுவலகம் பிரிந்ததற்காக யாருடைய எண்ணும் மாறாது, மாற்றவும் தேவையில்லை.

இரண்டு இலக்கம் மட்டும் போதாத இடமும் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கீழே பகுதி அலுவலகங்கள் இருக்கின்றன, பேச்சில் யூனிட் ஆபீஸ். இவற்றுக்குத் தனி இரண்டு இலக்கம் கிடையாது. தாய் அலுவலகத்தின் எண்ணையே வைத்துக்கொண்டு, வரிசை எழுத்தில் ஆங்கில அகரவரிசையின் வால்பகுதியிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக்கொள்கின்றன. `TN 39 Z` அவிநாசி, `TN 42 Y` காங்கயம், `TN 78 Z` உடுமலை, `TN 36 Z` சத்தியமங்கலம், `TN 36 W` பவானி. ஆக `TN 39` என்று பார்த்ததும் திருப்பூர் என்று முடிவு கட்டாமல், அடுத்த எழுத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தின் எண்ணிலும் தொடக்கத்தில் வருவது இதே அலுவலகக் குறியீடுதான், அதையடுத்து உரிமம் வழங்கிய ஆண்டு வரும். பகுதி அலுவலகத்தில் எடுத்த உரிமமென்றால் அந்த எழுத்தும் சேர்ந்தே நிற்கும்.

பகுதி அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் பொறுப்பில் இருப்பார். பழகுநர் உரிமம், ஓட்டுநர் தேர்வு, பைக், கார் பதிவு, பேர் மாற்றம், முகவரி மாற்றம் எல்லாம் அங்கேயே முடியும். லாரி, வேன், பேருந்துக்கான பர்மிட் வேலை மட்டும் வட்டார அலுவலகத்துக்குப் போகும். லாரி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்தே இருப்பார்கள். முதல் முறை ஒரு லாரி வாங்குபவர்தான் பகுதி அலுவலகத்தில் நின்றுகொண்டிருப்பார்.

சரி, உங்கள் முகவரிக்கு எந்த அலுவலகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று குறுக்குவழிகளைத்தான் எல்லோரும் முதலில் பிடிப்பார்கள். மூன்றும் இங்கே ஏமாற்றும்.

ஒன்று, பின்கோடு. 638 என்று தொடங்கினால் ஈரோடு என்ற எண்ணம். காங்கயம் 638701, வெள்ளகோயில் 638111, தாராபுரம் 638656. மூன்றும் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கின்றன. குமாரபாளையம் 638183, அதுவோ நாமக்கல் மாவட்டம். 642 என்றால் பொள்ளாச்சி என்றும் நினைக்க முடியாது, உடுமலையும் 642126-தான். பின்கோடு என்பது தபால் போகும் பாதையைப் பார்த்து வகுத்தது. வருவாய்த் துறையின் எல்லையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இரண்டு, மாவட்டம். ஈரோடு மாவட்டம் என்றால் ஈரோடு கிழக்கு, மேற்கு, பெருந்துறை, கோபி என்று நான்கு வட்டார அலுவலகங்கள் வந்துவிடும், அவற்றின் பகுதி அலுவலகங்கள் தனி. மாவட்டங்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. திருப்பூர் மாவட்டம் 2009-ல் உருவானபோது கோவையிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலைப் பகுதிகளும் ஈரோட்டிலிருந்து காங்கயம், தாராபுரம் பகுதிகளும் அதில் சேர்ந்தன. அதற்கு முந்திய ஆர்சி புத்தகத்தில் "ஈரோடு மாவட்டம்" என்று அச்சாகியிருக்கும் காங்கயத்து முகவரியை இன்றைய அலுவலகத்தோடு பொருத்த முடியாது.

மூன்று, தூரம். பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் நம் அலுவலகம் என்ற கணக்கு. பள்ளிபாளையத்துக்கு ஈரோடு பாலம் தாண்டினால் வந்துவிடும், திருச்செங்கோடு அப்படியில்லை. ஆனாலும் காவிரி மாவட்ட எல்லையாக இருக்கிறது.

எல்லை உண்மையில் நிற்பது வட்டத்தில், அதாவது தாலுகாவில். சில இடங்களில் ஒரே வட்டமும் வருவாய்க் கிராமவாரியாகப் பிரிந்து இரண்டு அலுவலகங்களுக்குப் போகும். கோவை, ஈரோடு, திருப்பூர் போன்ற பெரிய நகரங்களைச் சுற்றி இப்படி இருக்கும். எனவே முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: உங்கள் வீடு எந்த வட்டத்தில், எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது. சொந்த வீடென்றால் பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றும் அச்சாகியிருக்கும். இந்த மூன்றையும் பட்டா எண்ணையும் கொடுத்து `eservices.tn.gov.in` தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளலாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அல்லது கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வீட்டு வரி ரசீதை நம்பாதீர்கள். அதில் ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோதான் இருக்கும், அது வேறு எல்லை.

வட்டமும் கிராமமும் கையில் இருந்தால், அலுவலகத்தை உறுதிசெய்ய சுலபமான இடம் விண்ணப்பத் தளமேதான். உரிமத்துக்கு `sarathi.parivahan.gov.in`, வண்டிக்கு `vahan.parivahan.gov.in`. முகவரியில் மாவட்டத்தையும் வட்டத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகு எந்த அலுவலகப் பெயர் வருகிறதென்று பாருங்கள். கட்டணம் கட்டும் திரைக்கு முன்பே நிறுத்திக்கொண்டால் ஒன்றும் நஷ்டமில்லை. தமிழ்நாடு போக்குவரத்துத் துறையின் `tnsta.gov.in` தளத்திலிருந்து அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை எடுத்து, "இந்த வட்டம், இந்த கிராமம் உங்க லிமிட்டுங்களா?" என்று கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விட உறுதி. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று பாளையங்கள் நம் பக்கம் சாதாரணம். புதுப்பாளையம் என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் எந்தப் புதுப்பாளையத்தை நினைத்துக்கொள்வார் என்று யாருக்கும் தெரியாது.

2019 திருத்தச் சட்டம், மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் வண்டியைப் பதிவு செய்யலாம் என்ற பொருள்பட வாசகத்தை மாற்றியது என்று சிலர் எடுத்துச் சொல்வார்கள். வாசகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கவுன்டரில் கோப்பு நகர்வது முகவரியைப் பார்த்துத்தான். சட்டப் பிரிவைக் காட்டி வாதாடி ஜெயிப்பதற்குள் சரியான அலுவலகத்தில் வேலையே முடிந்திருக்கும்.

இப்போது பள்ளிபாளையத்துக் கதையை முழுதாகப் பார்ப்போம். பள்ளிபாளையத்தில் இருக்கும் ஒருவர், ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் ஒருவரிடமிருந்து பழைய பைக் வாங்குகிறார். எண் `TN 33 AB 1234`. விற்றவர் ஈரோடு, வண்டி ஈரோடு, வாங்கியவர் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் வட்டம். பேர் மாற்றம் எங்கே?

வாங்கியவரின் முகவரிக்குரிய அலுவலகத்தில். அதாவது திருச்செங்கோட்டு எல்லையில். அந்த வட்டத்துக்குக் குமாரபாளையத்தில் பகுதி அலுவலகம் இருப்பதால் பைக் வேலைக்குத் திருச்செங்கோடு வரை போக வேண்டியிருக்காது. சட்டத்தின் 50-ஆம் பிரிவு விற்றவருக்கு 14 நாளும் வாங்கியவருக்கு 30 நாளும் கெடு கொடுக்கிறது. விற்றவர் தரவேண்டியது படிவம் 29, வாங்கியவர் தரவேண்டியது படிவம் 30. விற்றவர் கையெழுத்து இரண்டிலும் வேண்டும், ஆர்சியில் அவர் போட்டிருக்கும் கையெழுத்தோடு பொருந்தவும் வேண்டும். இவற்றோடு ஆர்சி, நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்கியவரின் முகவரிச் சான்று, பான் கார்டு, அது இல்லையென்றால் படிவம் 60. சேஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்து எடுத்த அச்சையும் கேட்பார்கள். பைக்கில் இது ஹேண்டில் கழுத்துப் பக்கம் இருக்கும். துரு பிடித்திருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் தேயுங்கள், மணல் காகிதம் போட்டால் இலக்கமே தேய்ந்து வேறு வம்பு வரும்.

இந்த வேலை பெரும்பாலும் சிக்குவது கடன் குறிப்பில். ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் என்று ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் நின்றால், கடன் எப்போதோ அடைத்திருந்தாலும், முதலில் படிவம் 35-உம் அந்த நிறுவனத்தின் தடையில்லாக் கடிதமும் வாங்கி அந்தப் பெயரை நீக்க வேண்டும். பழைய கடிதம் என்றால் தேதியைப் பார்த்துப் புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள். வண்டிக்குப் பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கடிதத்துக்காக அலைய அவருக்கு என்ன அவசரம்?

தளத்தில் எண்ணைப் போடும்போது இடைவெளி, கோடு எதுவும் வேண்டாம். கடைசி எண் நான்கு இலக்கத்துக்குக் குறைவாக இருந்தால் முன்னால் பூஜ்ஜியம் சேர்த்துப் போடுங்கள்.

```
TN33AB1234
TN33AB0045
```

பழைய பலகையில் வெறும் 45 என்று எழுதியிருந்தாலும் பதிவேட்டில் 0045 என்றுதான் இருக்கும். "பதிவு இல்லை" என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பூஜ்ஜியத்தை. அதற்கடுத்து `B`-யும் 8-உம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடையாளம் உறுதிசெய்ய சேஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளைக் கேட்கும். அதைப் பலகையிலோ ஞாபகத்திலோ தேடாமல் ஆர்சியிலிருந்தே எடுங்கள்.

வேலை முடிந்து புது ஆர்சி வரும்போது என்ன மாறியிருக்கும்? உரிமையாளர் பெயர், முகவரி, பதிவு அதிகாரியின் இடம். என்ன மாறாது? `TN 33 AB 1234`. மாநிலத்துக்குள் எத்தனை கை மாறினாலும் எண் அதேதான். இனி அந்த வண்டியின் பதிவு புதுப்பித்தலோ முகவரி மாற்றமோ எதுவானாலும் ஈரோட்டில் நடக்காது. அதே வண்டியைப் பின்னாளில் மூன்றாவது ஆள் வாங்க வந்தால் பலகையைப் பார்த்து ஈரோட்டுக்குப் போகாமல், ஆர்சியிலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவு அதிகாரி என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

2024 முதல் ஆர்சியும் உரிமமும் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகின்றன. அலுவலகத்தைக் கண்டுபிடிக்க உதவாத பின்கோடு இங்கே முக்கியமாகிவிடுகிறது. பின்கோடோ கைப்பேசி எண்ணோ தவறாக இருந்தால் தபால்காரர் வீட்டைத் தேடிப் பார்த்துவிட்டு அட்டையை அலுவலகத்துக்கே திருப்பிவிடுவார். தோட்டத்து வீடுகளுக்கு இது அதிகம் நடக்கிறது. "மேற்குத் தோட்டம்" என்று மட்டும் இருந்தால் போதாது, எந்த ஊரின் மேற்குத் தோட்டம், எந்த அஞ்சலகம் என்று சேர்த்து எழுதுங்கள்.

பேர் மாற்றம் இல்லாமல் வீடு மட்டும் மாறினால் படிவம் 33. சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள் புது முகவரிக்குரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காகக் கோபியிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் இதைச் செய்வதே இல்லை, வண்டி பாட்டுக்கு 36-லேயே ஓடுகிறது. ஓட்டத்துக்குத் தடையில்லை. அபராத நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், வண்டியை விற்கும் நாளில் எல்லாம் சேர்ந்து நிற்கும்.

மாநிலம் தாண்டினால் கணக்கு வேறு. கோவை, பொள்ளாச்சிச் சாலைகளில் `KL 09` பாலக்காடு, `KL 70` சித்தூர் வண்டிகளும், சத்தியமங்கலம், பண்ணாரிப் பக்கம் `KA 10` சாம்ராஜ்நகர் வண்டிகளும் அன்றாடம். அவை வந்து போவதில் பிரச்சினை இல்லை. அந்த வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 47-ஆம் பிரிவுப்படி இங்கே புது எண் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, அப்புறம் உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்தின் எண். இங்கேதான் எண் மாறுகிறது. பாலக்காட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கார் வாங்குபவர்கள் இந்த வரியைக் கணக்கில் சேர்த்த பிறகு மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்லது.

திசை திரும்பியும் இருக்கிறது. வட இந்தியாவின் ஏதோ ஒரு கிராமத்தில் `TN 34` ரிக் லாரி ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தால், அது திருச்செங்கோட்டு வண்டி. `TN 28` டேங்கர் நாமக்கல், `TN 52` லாரி சங்ககிரி. நெடுஞ்சாலையில் நம் ஊர்க்காரர்களை அடையாளம் காண இந்த மூன்று எண்ணும் போதும். ஆனால் நம் ஊரிலிருந்து புறப்படும் ஆம்னி பேருந்தில் `NL 01` இருந்தால் அது நாகாலாந்தின் கோஹிமாவில் பதிவானது என்று மட்டும் சொல்லலாம், முதலாளி யார், எந்த ஊர் என்று பலகை சொல்லாது.

அலுவலக எண்ணே இல்லாத பலகை இரண்டு வகை. `22 BH 1234 AA` என்று ஆண்டோடு தொடங்கினால் அது 2021-ல் வந்த பாரத் வரிசை. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் வாங்கலாம். ஊர் மாறினாலும் எண் மாறாது. சூலூர் விமானப் படைத் தளம் பக்கம் போனால் நிறையப் பார்க்கலாம். இன்னொன்று `T` என்று தொடங்கும் தற்காலிகப் பதிவு. அடுத்த நான்கு இலக்கம் மாதமும் ஆண்டும், பிறகு மாநில எழுத்து. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கும். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் வண்டி இன்னும் விற்பனையாளர் கையில் இருக்கிறது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளையில் கறுப்பு சொந்த வண்டி, மஞ்சளில் கறுப்பு வாடகை வண்டி, கறுப்பில் மஞ்சள் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். பச்சை என்றால் மின்சார வண்டி. அதில் எழுத்து வெள்ளையானால் சொந்தம், மஞ்சளானால் வாடகை. பழைய வண்டி வாங்கும்போது இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. மஞ்சள் பலகைக் காரைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் வெறும் பேர் மாற்றம் போதாது. பர்மிட்டை ஒப்படைத்து, வகை மாற்றம் செய்து, வரி வித்தியாசம் கட்ட வேண்டும். அதற்கும் அலுவலகம் உங்கள் முகவரியைப் பொறுத்ததுதான்.

2019 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பலகையை வண்டி நிறுவனமே விற்பனையாளர் மூலம் பொருத்தித் தருகிறது. இடது ஓரம் நீலத்தில் `IND`, மேலே 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம், கீழே லேசரில் பொறித்த 10 இலக்க எண். பழைய வண்டி வாங்கும்போது முன்பலகை, பின்பலகை இரண்டின் லேசர் எண்ணையும் பாருங்கள். காரென்றால் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரில் பதிவு எண்ணும் பலகைகளின் லேசர் எண்களும் பதிவு அதிகாரியின் பெயரும் இருக்கும். ஸ்டிக்கரில் ஓர் எண்ணும் பலகையில் வேறு எண்ணும் இருந்தால், பலகை உடைந்து மாற்றியதா என்று கேட்டு, மாற்றிய ரசீதைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.